‘ஏ’ எடுத்தவனுக்கு ஏன் இசட் புள்ளி குறைந்தது?

இலங்கையில் க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வெளிவரும் நாட்களில் வீட்டுக்கு வீடு எழும் ஒரு கேள்வி உண்டு. ஒரே வகுப்பில் படித்த ஒரு மாணவியும் ஒரு மாணவனும். இருவரும் கணிதப் பிரிவு. மாணவிக்கு இணைந்த கணிதத்தில் சி, பௌதிகவியலில் பி, இரசாயனவியலில் பி. மாணவனுக்கு இணைந்த கணிதத்தில் சி, பௌதிகவியலில் சி, இரசாயனவியலில் ஏ. ‘ஏ’ ஒன்றும் இல்லாத மாணவியின் இசட் புள்ளி 1.2667. ‘ஏ’ எடுத்த மாணவனுக்கோ 1.1833. “கணினி பிழைவிட்டுவிட்டதோ?” என்று மாணவனின் தாய் கேட்கிறார்.

பிழை இல்லை. இந்த இரண்டு பிள்ளைகளும் விளக்கத்துக்காக நான் உருவாக்கியவர்கள். கீழே வரும் சராசரிகளும் அப்படியே. ஆனால் கணக்கு உண்மையான கணக்கு. பல்கலைக்கழக அனுமதிக்கு இலங்கையில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பயன்படும் முறையும் இதுவே. அந்தத் தாயின் கேள்விக்கு விடை சொல்ல முயன்றால், பெறுபேற்றுத் தாளில் உள்ள எண்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்பது படிப்படியாகத் தெளிந்துவிடும்.

72 என்பது நல்ல புள்ளியா?

தாளில் பாடத்துக்கான எழுத்துத் தரம்தான் இருக்கும். மூலப்புள்ளி, அதாவது விடைத்தாளில் போட்ட புள்ளி, இருக்காது. நாம் உள்ளே எட்டிப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். மாணவி இணைந்த கணிதத்தில் 58, பௌதிகவியலில் 66, இரசாயனவியலில் 72. மாணவன் இணைந்த கணிதத்தில் அதே 58, பௌதிகவியலில் 60, இரசாயனவியலில் 78. கூட்டிப் பாருங்கள்: இருவருக்கும் 196. மொத்தப் புள்ளி ஒன்றே. மாணவன் பௌதிகவியலில் விட்ட ஆறு புள்ளியை இரசாயனவியலில் எடுத்துவிட்டான்.

இனி, அந்த ஆண்டு நாடு முழுவதும் அந்தப் பாடங்களை எழுதியவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று பார்ப்போம். இணைந்த கணிதத்தில் சராசரி 32. பௌதிகவியலில் 48. இரசாயனவியலிலும் 48. சராசரியை மட்டும் வைத்துப் பார்த்தால், மாணவி இணைந்த கணிதத்தில் சராசரியைவிட 26 புள்ளி மேலே, பௌதிகவியலில் 18 மேலே, இரசாயனவியலில் 24 மேலே. அவளுடைய மிகக் குறைந்த புள்ளியான 58, சராசரியிலிருந்து மிக உயரத்தில் நிற்கிறது. கடினமான வினாத்தாளில் எடுத்த 58க்கும் எளிதான தாளில் எடுத்த 72க்கும் உள்ள வேறுபாடு முதலில் இப்படித்தான் கண்ணில் படும்.

ஆனால் சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் என்பது மட்டும் போதாது. காலை ஏழு மணிக்கு வரவேண்டிய பாடசாலை பஸ் ஒன்று எப்போதும் இரண்டு நிமிடம் முன்பின்னாக வந்துவிடும். அதே வீதியில் ஓடும் தனியார் பஸ் ஒருநாள் கால் மணி முந்தி வரும், ஒருநாள் அரை மணி பிந்தி வரும். பத்து நிமிடத் தாமதம் பாடசாலை பஸ்ஸுக்கு நேர்ந்தால் பெற்றோர் தொலைபேசியை எடுப்பார்கள். தனியார் பஸ்ஸுக்கு நேர்ந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். பத்து நிமிடம் அதிகமா குறைவா என்பதை, அந்த பஸ் வழக்கமாக எவ்வளவு தள்ளாடும் என்பதே தீர்மானிக்கிறது.

புள்ளிகளின் இந்தத் தள்ளாட்டத்தை அளக்கும் எண்ணுக்கு நியம விலகல் என்று பெயர். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் திட்ட விலக்கம். பரீட்சார்த்திகளின் புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதை அது ஒரே எண்ணில் சொல்கிறது. நம் எடுத்துக்காட்டில் இணைந்த கணிதத்தின் நியம விலகல் 20, பௌதிகவியலினது 12, இரசாயனவியலினது 24. பௌதிகவியலில் பெரும்பாலானோர் நெருக்கியடித்துக்கொண்டு நடுவில் நிற்கிறார்கள். இரசாயனவியலில் சிலர் மிக மேலே, சிலர் மிகக் கீழே என்று சிதறிக் கிடக்கிறார்கள்.

இசட் புள்ளி என்பது இவ்வளவுதான்: சராசரியிலிருந்து உள்ள தூரத்தை நியம விலகலால் வகுத்தது. மாணவிக்கு இணைந்த கணிதத்தில் 26ஐ 20ஆல் வகுக்க 1.30. பௌதிகவியலில் 18ஐ 12ஆல் வகுக்க 1.50. இரசாயனவியலில் 24ஐ 24ஆல் வகுக்க 1.00. மூன்றின் சராசரி 1.2667. மாணவனுக்கு இணைந்த கணிதத்தில் அதே 1.30, பௌதிகவியலில் 1.00, இரசாயனவியலில் 1.25. சராசரி 1.1833.

தாயின் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. எல்லோரும் நெருங்கி நிற்கும் பௌதிகவியலில் ஆறு புள்ளி என்பது அரை நியம விலகல். அந்த ஆறு புள்ளிக்குள் ஏராளமான பேர் நிற்பார்கள். சிதறிக் கிடக்கும் இரசாயனவியலில் அதே ஆறு புள்ளி கால் நியம விலகல்தான். மாணவன் விலை கூடிய இடத்தில் விட்டதை விலை குறைந்த இடத்தில் ஈடுசெய்திருக்கிறான். ‘ஏ’ என்ற தரமோ 75 என்ற கோட்டைத் தாண்டினால் கிடைப்பது. அந்தக் கோட்டை எத்தனை பேர் தாண்டினார்கள் என்று அது கேட்பதில்லை.

இதே காரணத்தால் தலைகீழான ஒன்றும் நடக்கும். சராசரியே 32ஆக இருக்கும் இணைந்த கணிதத்தில் 34 எடுத்தவரின் இசட் புள்ளி 0.10, சராசரிக்கு மேல். ஆனால் சித்திக்கான ‘எஸ்’ தரத்துக்கு 35 வேண்டும். அவர் சித்தியடையவில்லை. மறுபுறம், எளிதான தாளில் நன்றாகச் சித்தியடைந்த ஒருவருக்கு இசட் புள்ளி கழித்தல் குறியோடு வரலாம். கழித்தல் குறியைக் கண்டதும் ‘பெயில்’ என்று எண்ணி அழுவதற்கு ஒன்றுமில்லை. தரம் ஒரு கேள்விக்கு விடை: எவ்வளவு தெரியும்? இசட் புள்ளி இன்னொரு கேள்விக்கு விடை: எழுதியவர்கள் நடுவே எங்கே நிற்கிறீர்கள்?

எத்தனை பேரைத் தாண்டினாள்?

1.2667 என்பதைக் கேட்டதும் அடுத்து வரும் கேள்வி, நூறு பேரில் எத்தனை பேர் இவளுக்குக் கீழே என்பது. அந்த எண்ணுக்குச் சதமணை என்று பெயர். இது சதவீதம் அன்று. 90ஆவது சதமணையில் இருப்பவர் 90 புள்ளி எடுத்தவர் அல்ல. நூறு பேரில் தொண்ணூறு பேரைவிட மேலே நிற்பவர். மணி வடிவில் பரந்த புள்ளிகளுக்கென்று ஓர் அட்டவணை புள்ளிவிவரவியல் நூல்களில் இருக்கிறது. அதில் 1.27ஐத் தேடினால் ஏறக்குறைய 90ஆவது சதமணை என்று வரும். ரியூசன் ஆசிரியர்கள் பலரும் இப்படித்தான் சொல்வார்கள். இதில் இரண்டு ஓட்டைகள் உண்டு.

முதலாவது, அட்டவணை மணி வடிவத்தை எதிர்பார்க்கிறது. கடினமான வினாத்தாளில் புள்ளிகள் அப்படி அமைவதில்லை. பெருந்தொகையானோர் அடியில் குவிந்து, மேலே ஒரு நீண்ட வால் போகும். அப்போது அட்டவணை பொய் சொல்லும்.

இரண்டாவது ஓட்டை நுட்பமானது. ஒவ்வொரு பாடத்தின் இசட் புள்ளிகளையும் எடுத்துக்கொண்டால் அவற்றின் சராசரி சுழியம், நியம விலகல் ஒன்று. ஆனால் மூன்று பாடங்களைச் சராசரி எடுத்தபின் கிடைக்கும் எண்ணின் நியம விலகல் ஒன்றாக இருக்காது, அதற்குக் குறையும். கணிதத்தில் மிக மேலே நிற்பவர் எல்லோரும் இரசாயனவியலிலும் அதே உயரத்தில் நிற்பதில்லை. ஒரு பாடத்தின் உச்சம் இன்னொரு பாடத்தின் சாதாரணத்தோடு சேர்ந்து நடுவை நோக்கி இறங்குகிறது. பாடங்களுக்கிடையே ஒட்டுறவு 0.7 அளவில் இருந்தால், அதாவது ஒன்றில் நன்றாகச் செய்தவர் மற்றதிலும் பெரும்பாலும் நன்றாகச் செய்தால், சராசரியின் நியம விலகல் ஏறத்தாழ 0.89. அந்த அளவுகோலில் நம் மாணவியின் 1.2667, உண்மையில் 1.4க்குச் சற்று மேலான உயரம். அவள் 90ஆவது சதமணையில் அல்ல, 92ஆவதை ஒட்டி நிற்கிறாள். அட்டவணை அவளைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டது.

நல்ல வேளையாக, இதற்கெல்லாம் ஊகம் தேவையில்லை. பெறுபேற்றுத் தாளிலேயே நாடளாவிய நிலையும் மாவட்ட நிலையும் இருக்கின்றன. அந்தப் பிரிவில் 30,000 பேர் இருந்து, இவளுடைய நாடளாவிய நிலை 2,400 என்றால், 27,600 பேர் இவளுக்குப் பின்னால். நூற்றுக்கு 92. வளைகோடு வேண்டாம், அட்டவணை வேண்டாம். எண்ணிப் பார்த்த கணக்கு இது. நிலை தெரிந்திருக்கும்போது இசட் புள்ளியிலிருந்து சதமணையை ஊகிப்பது, கையில் கிடைத்த பணத்தை எண்ணாமல் எடைபோட்டுப் பார்ப்பதற்குச் சமம்.

சதமணைக்கும் ஒரு வம்பு உண்டு. நடுவில் கூட்டம் அதிகம், ஓரத்தில் குறைவு. மணி வடிவில் பரந்த 30,000 பேர் எழுதிய ஒரு பாடத்தில், இசட் புள்ளி சுழியத்திலிருந்து 0.1க்கு ஏறினால் ஏறக்குறைய 1,200 பேரைத் தாண்டுவோம். 2.0இலிருந்து 2.1க்கு ஏறினால் தாண்டுவது 150 பேரைத்தான். ஆகவே 50ஆவது சதமணையிலிருந்து 54க்கு ஏறியவரும் 97.7இலிருந்து 98.2க்கு ஏறியவரும் பாடத்தில் ஏறிய உயரம் ஒன்றே. இரண்டாமவரிடம் “அரைப் புள்ளிதானே முன்னேற்றம்?” என்று கேட்பது நியாயமில்லை.

யாரோடு ஒப்பிட்டு?

இதுவரை ஒன்றைக் கேள்வியே கேட்காமல் ஏற்றுக்கொண்டோம்: ஒப்பிடும் கூட்டம் எது? சராசரி என்றால் யாருடைய சராசரி? உயர்தரத்தில் அது நாட்டின் எல்லாப் பதினெட்டு வயதினரின் சராசரி அன்று. சாதாரணதரத்தில் சித்தியடைந்து, விஞ்ஞானம் அல்லது கணிதம் படிக்கத் துணிந்து, கடைசிவரை நின்று எழுதியவர்களின் சராசரி. இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் எழுதுபவர்களும் அதில் இருக்கிறார்கள். அங்கே சுழியம் எடுப்பதே ஏற்கெனவே பலமுறை சலித்தெடுத்த கூட்டத்தின் நடுவில் நிற்பது.

இந்தக் கேள்வியைச் சரியாகத் தீர்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதை 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சை காட்டியது. அந்த ஆண்டு புதிய பாடத்திட்டத்தில் ஒரு தொகுதியினரும் பழைய பாடத்திட்டத்தில் ஒரு தொகுதியினரும் எழுதினார்கள். வினாத்தாள்கள் வேறு. ஆனால் பல்கலைக்கழக இடங்கள் பொது. இரு தொகுதியையும் ஒன்றாகச் சேர்த்து இசட் புள்ளி கணித்தபோது வழக்கு எழுந்தது. இவை இரண்டு வெவ்வேறு தொகுதிகள், தனித்தனியாகக் கணிக்கவேண்டும் என்று நாட்டின் அதியுயர் நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது.

வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். எண்கள் என்னுடையவை. இரு தொகுதியிலும் சம எண்ணிக்கையானோர். புதிய தாளில் சராசரி 40, பழைய தாளில் 48. இரண்டிலும் நியம விலகல் 16. இரு தொகுதியிலும் ஒவ்வொருவர் 56 எடுத்திருக்கிறார்கள். தனித்தனியாகக் கணித்தால் புதிய தாள் எழுதியவருக்கு 1.00, பழைய தாள் எழுதியவருக்கு 0.50. ஒன்றாகச் சேர்த்தால் பொதுச் சராசரி 44. இருவருக்கும் ஏறக்குறைய 0.73. விடைத்தாளில் ஒரு எழுத்தும் மாறவில்லை. ஒருவரின் விதி மாறிவிட்டது.

எது சரி? பழைய தாள் எளிதாக இருந்ததால்தான் அங்கே சராசரி உயர்ந்தது என்றால் தனித்தனிக் கணக்கே நியாயம். பழைய தாளை எழுதியவர்கள் உண்மையிலேயே கூடுதலாகக் கற்றவர்கள் என்றால், தனித்தனிக் கணக்கு அவர்களுடைய உழைப்பை அழித்துவிடும்; சேர்த்த கணக்கே நியாயத்துக்குக் கிட்ட நிற்கும். சராசரி 48 என்ற எண்ணை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் தாள் எளிதா, எழுதியவர்கள் கெட்டிக்காரரா என்பது தெரியாது. அதை அறிய இரு தாளுக்கும் பொதுவான சில வினாக்கள் வேண்டும், அல்லது இரண்டையும் எழுதிய ஒரு கூட்டம் வேண்டும். பொது வினாவில் இரு தொகுதியும் ஒரேமாதிரிச் செய்து, மற்ற வினாக்களில் மட்டும் வேறுபட்டால் குற்றம் தாளுடையது. பொது வினாவிலேயே வேறுபட்டால் வேறுபாடு மாணவர்களுடையது. இந்தப் பாலம் இல்லாதபோது இசட் புள்ளி தானாக எதையும் கண்டுபிடிப்பதில்லை. நாம் முன்கூட்டிச் செய்த ஓர் அனுமானத்தை அப்படியே எண்ணாக்கித் திருப்பித் தருகிறது.

இலங்கைத் தமிழருக்கு இது வெறும் புள்ளிவிவரவியல் நுட்பம் அன்று. 1973இல் பல்கலைக்கழக அனுமதிக்காக மொழிமூலத்தின்படி புள்ளிகள் தரப்படுத்தப்பட்டன. சிங்கள மொழிமூலத்தில் எழுதியோரும் தமிழ் மொழிமூலத்தில் எழுதியோரும் தனித்தனித் தொகுதிகளாக எடுக்கப்பட்டு, இரண்டும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவரப்பட்டன. இரு தொகுதிகளின் சராசரிகளையும் சமமாக்கும் கணக்கு, அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு முழுவதும் பரீட்சையின் கோளாறு என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அது தேர்வில் வந்த வேறுபாடா, படிப்பில் வந்த வேறுபாடா என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது. இன்றைய இசட் புள்ளி மொழிமூலத்தால் பிரிப்பதில்லை. ஒரு பாடத்தை எழுதிய எல்லோரையும் ஒரே கூட்டமாக எடுக்கிறது. வகுத்தல் கணக்கு அன்றும் இன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கூட்டத்தின் எல்லையை எங்கே கீறுவது என்பது கணக்குக்கு வெளியே எடுக்கப்படும் முடிவு.

மாவட்டப் பங்கீடும் அப்படி ஒரு முடிவுதான். கலைப் பிரிவு போன்ற சில விலக்குகள் தவிர, இடங்களில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. ஆகவே அதே 1.2667 ஒரு மாவட்டத்தில் உள்ளே விடும், இன்னொன்றில் வாசலில் நிறுத்தும். செய்தித்தாள்களில் வரும் வெட்டுப்புள்ளியும் முன்கூட்டியே வகுத்த ஒரு தகுதிக் கோடு அன்று. கடைசியாக இடம் பெற்றவரின் இசட் புள்ளி எதுவோ அதுவே வெட்டுப்புள்ளி; இடங்கள் கூடினாலோ விண்ணப்பம் குறைந்தாலோ அடுத்த ஆண்டு அது மாறும்.

நான்கு தசமங்களை எவ்வளவு நம்பலாம்?

கடைசியாக, அந்த நான்கு தசம தானங்கள். 1.2667க்கும் 1.1833க்கும் இடையே 0.0834 வேறுபாடு. அது எவ்வளவு உறுதியானது?

ஒரே மாணவர் ஒரே நாளில், அதே கடினத்தில் அமைந்த வேறொரு தாளை எழுதியிருந்தால் அதே புள்ளி வந்திருக்காது. தெரிந்த வினா வந்திருக்கும், தெரியாதது விழுந்திருக்கும், திருத்துபவர் மாறியிருப்பார். இதை அளக்க வழிகள் உண்டு. தாளின் ஒற்றை எண் வினாக்களையும் இரட்டை எண் வினாக்களையும் இரண்டு சிறு பரீட்சைகளாகக் கொண்டு, இரண்டும் மாணவர்களை எவ்வளவுக்கு ஒரேமாதிரி வரிசைப்படுத்துகின்றன என்று பார்ப்பார்கள். ஒரே விடைத்தாளை இருவரிடம் கொடுத்துத் திருத்துவிப்பார்கள். இப்படிக் கிடைக்கும் நம்பகத்தன்மை எண், முழு உறுதி என்றால் 1. அது 0.9 என்றால் நல்ல பரீட்சை என்று சொல்வார்கள்.

0.9 என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு பாடத்தின் இசட் புள்ளி வழக்கமாக 0.3 அளவுக்கு இப்படியோ அப்படியோ ஆடும். நியம விலகல் 20 உள்ள பாடத்தில் இது ஆறு புள்ளிக்குச் சமம். மூன்று பாடங்களைச் சராசரி எடுக்கும்போது ஆட்டம் குறைந்து 0.18 ஆகும். இரண்டு பேரை ஒப்பிடும்போது இருவருடைய ஆட்டமும் சேர்ந்து 0.26. நம் மாணவிக்கும் மாணவனுக்கும் உள்ள இடைவெளி இதில் மூன்றில் ஒரு பங்குதான். இன்னொரு நாள், இன்னொரு தாளில், வரிசை மாறியிருக்க நிறையவே வாய்ப்பு உண்டு.

அப்படியானால் நான்கு தசமம் எதற்கு? இடம் ஒன்று, ஆள் இரண்டு என்னும்போது வரிசைப்படுத்தியே ஆகவேண்டும். ஒரே எண் பலருக்கு வந்தால் நிருவாகம் முடங்கும். வரிசையில் யார் முன்னே என்பதைத் தீர்க்க அந்தத் தசமங்கள் வேண்டும். யாருக்கு அறிவு கூட என்பதைச் சொல்லும் வலிமை அவற்றில் இரண்டாவதற்குக்கூட அரிதாகவே உண்டு.

ஆகவே மாணவனின் தாய்க்குச் சொல்லக்கூடியது இதுதான். கணினி பிழைவிடவில்லை. மகன் பௌதிகவியலில் விட்ட ஆறு புள்ளிக்கு இரசாயனவியலில் எடுத்த ஆறு புள்ளி ஈடாகவில்லை. இடம் கிடைத்ததா என்பதை மாவட்ட வெட்டுப்புள்ளி தீர்க்கும், அதில் 0.0834 முழுக் கணக்கில் எடுக்கப்படும். மகன் அந்த மாணவியைவிடக் குறைந்தவனா என்று கேட்டால், இந்தத் தாளால் அதைச் சொல்ல முடியாது. மீண்டும் எழுதுவதா என்று யோசிக்கும்போது, வெட்டுப்புள்ளிக்கு 0.1 குறைந்திருந்தால் அது ஒரு பரீட்சையின் ஆட்டத்துக்குள் இருக்கும் தூரம், எழுதிப் பார்க்கலாம். 0.8 குறைந்திருந்தால் அதிர்ஷ்டம் அந்தத் தூரத்தைக் கடத்தாது. எந்தப் பாடத்தில், எந்த அலகில் விட்டான் என்று கண்டு படித்தால்தான் கடக்கும். பலரும் நெருங்கி நிற்கும் பாடம் எதுவோ, அங்கே ஏற்றும் ஒவ்வொரு புள்ளிக்கும் பலன் கூட.